நெஞ்சின் நடுவே நான்கு பகுதிகள்: ஒரு கோடும் ஒரு பையும்

கழுத்து முடியும் இடத்தில், இரண்டு காறை எலும்புகளுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே விரலை வைத்து, மார்பெலும்பின் மேலாகவே மெல்லக் கீழே இறக்குங்கள். ஏறத்தாழ 5 செ.மீ. இறங்கியதும் குறுக்காக ஒரு சிறு மேடு தட்டுப்படும். மெலிந்தவர்களுக்கு அது கண்ணுக்கே தெரியும். மற்றவர்கள் கொஞ்சம் அழுத்திப் பார்க்க வேண்டும். மார்பெலும்பின் மேல்துண்டும் நடுத்துண்டும் ஒரு சிறு கோணத்தில் சேரும் இடம் அது. இரண்டாம் விலா எலும்பு தன் குருத்தெலும்போடு வந்து சேர்வதும் இந்த மேட்டின் இரு முனைகளில்தான். முதல் விலா காறை எலும்புக்கு அடியில் மறைந்திருப்பதால், நோயாளியின் விலாக்களை எண்ணும் மருத்துவர் இந்த மேட்டைப் பிடித்துக்கொண்டு 'இரண்டு' என்றுதான் தொடங்குவார்.

இந்த மேட்டிலிருந்து நேர் பின்னால் முதுகுவரை ஒரு கோடு இழுத்தால், அது மார்புப் பகுதியின் நான்காம் முள்ளெலும்பின் அடிவிளிம்பில் போய் முட்டும். நெஞ்சுக்குள் இருக்கும் முக்கியமான உறுப்புகளின் இடத்தை அறிய இந்த ஒரு கோட்டைவிட உதவியான அடையாளம் வேறில்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிவது ஏறத்தாழ இந்த மட்டத்தில். இதயத்திலிருந்து மேலேறும் பெருந்தமனி வளையத் தொடங்குவதும் இந்த மட்டத்தில். வளைந்து பின்னால் போய், கீழே இறங்கத் தொடங்குவதும் இதே மட்டத்தில்தான். ஆக, பெருந்தமனியின் வளைவு முழுவதும் கோட்டுக்கு மேலே நிற்கிறது. இதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படம் போடும்போதும், பின்னால் வரும் நோய்களைப் புரிந்துகொள்ளும்போதும் இது மறுபடி மறுபடி வரும்.

வலது நுரையீரலும் இடது நுரையீரலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தனித்தனி உறைகளுக்குள் இருக்கும் அவற்றுக்கு இடையே, பழைய வீடுகளில் இரண்டு அறைகளுக்கு நடுவே போகும் ரேழியைப்போல ஓர் இடம் இருக்கிறது. முன்னால் மார்பெலும்பு, பின்னால் முதுகெலும்பு, மேலே கழுத்தின் அடி, கீழே உதரவிதானம். இதற்கு மீடியாஸ்டைனம் என்று பெயர். நுரையீரல்களைத் தவிர நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் உறுப்புகள் அநேகமாக எல்லாமே இங்கேதான் இருக்கின்றன. காலியிடம் என்று எதுவும் கிடையாது. இதயம், பெரிய ரத்தக்குழாய்கள், மூச்சுக்குழாய், உணவுக்குழாய், நரம்புகள், நிணநீர்க் கணுக்கள் எல்லாம் தளர்ந்த இணைப்புத் திசுவும் கொழுப்பும் சூழ நெருக்கியடித்து இருக்கின்றன. அந்தத் திசு தளர்வாக இருப்பதால்தான் மூச்சை இழுக்கும்போதும் விழுங்கும்போதும் இவை தடையில்லாமல் அசைய முடிகிறது.

மருத்துவ மாணவர்கள் இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். பட்டியல் தேவையே இல்லை. ஒரு கோடு, ஒரு பை, இந்த இரண்டையும் சரியாக வரைந்துவிட்டால் நான்கு பகுதிகளும் தாமாகக் கிடைத்துவிடும். மருத்துவம் படிக்காதவர்களும் ஒரு தாளும் நாலு வண்ணப் பென்சிலும் இருந்தால் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

ஓர் ஆள் உங்களுக்கு இடப்பக்கமாக முகம் திருப்பி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தாளின் வலப்பக்கத்தில், மேலிருந்து கீழாக ஒன்றன்கீழ் ஒன்றாகப் பன்னிரண்டு கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றும் 1 செ.மீ. உயரம் இருக்கட்டும். இவைதான் மார்புப் பகுதியின் 12 முள்ளெலும்புகள். வரிசை நேர்க்கோடாக இல்லாமல் நடுவில் சற்றுப் பின்னால், அதாவது வலப்பக்கமாக வளைந்திருக்கட்டும். கட்டங்களுக்கு 1 முதல் 12 வரை எண் கொடுங்கள். இந்த எண்கள்தான் இனி நமக்கு அளவுகோல்.

அடுத்து மார்பெலும்பு. அதன் மேல்முனை இரண்டாம் கட்டத்தின் அடி மட்டத்தில் தொடங்குகிறது. முதுகெலும்பிலிருந்து 2.5 செ.மீ. முன்னால் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து முன்பக்கமாகச் சாய்த்து, நான்காம் கட்டத்தின் அடி மட்டம்வரை ஒரு துண்டு வரையுங்கள். இது மேல்துண்டு. அங்கே சாய்வை லேசாக மாற்றி, ஒன்பதாம் கட்டத்தின் மட்டம்வரை நீளமான நடுத்துண்டை இறக்குங்கள். அதன் கீழ்முனை முதுகெலும்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கலாம். இரண்டு துண்டும் சேரும் கோணம்தான் நீங்கள் விரலால் தொட்ட மேடு. நிஜ அளவில் ஏறத்தாழ பாதியாக இந்தப் படம் அமையும்.

முதல் கட்டத்தின் தலையிலிருந்து மார்பெலும்பின் உச்சிவரை ஒரு சாய்கோடு போட்டால் அது நெஞ்சின் மேல்வாய். அது முன்பக்கமாகச் சரிந்திருப்பதைக் கவனியுங்கள். கீழே உதரவிதானத்தை வரையும்போதுதான் பலர் அவசரப்படுகிறார்கள். அதைக் கிடைக்கோடாகப் போட்டால் படம் கெட்டுவிடும். மார்பெலும்பின் அடியிலிருந்து தொடங்கி, எட்டாம் கட்டத்தின் மட்டம்வரை சற்று மேடாக ஏறி, பிறகு சரசரவென்று பின்னால் சரிந்து பன்னிரண்டாம் கட்டத்தில் போய் முடிய வேண்டும். இந்தச் சரிவினால் நெஞ்சின் பின்பகுதி முன்பகுதியைவிடக் கீழே இறங்கியிருக்கிறது.

இப்போது அந்தக் கோடு. மேட்டிலிருந்து நான்காம் கட்டத்தின் அடிக்குப் புள்ளிக்கோடாக இழுங்கள். மேலே இருப்பது மேல் மீடியாஸ்டைனம். கீழே இருப்பது கீழ் மீடியாஸ்டைனம்.

பிறகு பை. இதயத்தைச் சுற்றியிருக்கும் பெரிகார்டியம் என்ற உறுதியான உறையைத்தான் பை என்கிறேன். அது உதரவிதானத்தின் மேடான பகுதியில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல்முனை புள்ளிக்கோட்டைத் தொடலாம், தாண்டக் கூடாது. முன்பக்கம் மார்பெலும்புக்கு மிக அருகில், ஒரு பென்சில் முனை நுழையும் அளவு இடைவெளி விட்டு வரையுங்கள். பின்பக்கம் ஐந்தாம் கட்டம் முதல் எட்டாம் கட்டம்வரை முதுகெலும்பை நோக்கி இருக்கும்; அங்கே இன்னும் தாராளமாக இடம் விடுங்கள். பைக்கு முன்னால் இருக்கும் ஒடுக்கமான சந்து முன் மீடியாஸ்டைனம். பையும் அதற்குள் இருப்பதும் நடு மீடியாஸ்டைனம். பைக்குப் பின்னால், கீழே பன்னிரண்டாம் கட்டம்வரை இறங்கும் இடம் பின் மீடியாஸ்டைனம்.

வீடு முடிந்தது, இனி ஆட்களைக் குடியேற்றலாம். மேல் பகுதியில்தான் நெரிசல் அதிகம். அங்கே யார் யார் என்று கேட்காமல், முன்னிருந்து பின்னாக யாருக்குப் பின் யார் என்று கேட்டால் குழப்பம் வராது. மார்பெலும்பின் முதுகை ஒட்டி தைமஸ் சுரப்பி. அதன் பின்னால் சிரைகள். சிரைகளுக்குப் பின்னால் தமனிகள். தமனிகளுக்குப் பின்னால் மூச்சுக்குழாய், அதற்குப் பின்னால் உணவுக்குழாய். கடைசியாக முதுகெலும்பு.

நீலப் பென்சிலை எடுங்கள். தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் வரும் ரத்தத்தைக் கொண்டுவர வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என இரண்டு பெரிய சிரைகள் இருக்கின்றன. இதயத்துக்குள் நுழையும் மேற்பெருஞ்சிரை நெஞ்சின் வலப்பக்கத்தில் இருப்பதால், வலது சிரை நேராக இறங்கிவிடும். இடது சிரை நெஞ்சின் நடுவைக் குறுக்காகக் கடந்து வர வேண்டும். அதனால் இடது சிரை வலதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீளம், சுமார் 6 செ.மீ. பக்கவாட்டுப் படத்தில் அது குறுக்கே போவதால், மார்பெலும்பின் மேல்துண்டுக்குப் பின்னால் ஒரு நீலப் புள்ளியாக மட்டும் வரும். இரண்டும் சேர்ந்து உண்டாகும் மேற்பெருஞ்சிரையின் மேல்பாதி கோட்டுக்கு மேலே, கீழ்ப்பாதி கோட்டுக்குக் கீழே.

சிரைகள் முன்னால் இருப்பதற்கும் அவற்றின் சுவர் மெலிதாக இருப்பதற்கும் ஒரு விளைவு உண்டு. மேல் பகுதியில் கட்டி வளர்ந்தால் பல நேரம் முதலில் நசுங்குவது சிரைதான். காலையில் எழுந்ததும் முகமும் கண்ணிமைகளும் வீங்கியிருக்கும், சட்டைக் கழுத்துப் பட்டி இறுகும், கழுத்துச் சிரைகள் புடைத்து நிற்கும், குனிந்தால் தலை கனக்கும். இதயக் கோளாறோ ஒவ்வாமையோ என்று நினைத்து நாள் கடத்திவிடக்கூடிய அறிகுறி இது. கால் வீங்காமல் முகமும் கையும் மட்டும் வீங்கினால், அடைப்பு இதயத்துக்கு மேலே எங்கோ இருக்கிறது என்று படமே சொல்லிவிடும்.

சிவப்புப் பென்சிலால் பெருந்தமனியை வரையும்போது பைக்குள்ளிருந்து தொடங்குங்கள். அது பையின் உச்சியைத் தாண்டி, புள்ளிக்கோட்டையும் தாண்டி, வளைந்து, முதுகெலும்பை நோக்கிப் போய், நான்காம் கட்டத்தின் அடியில் மறுபடி கோட்டைக் கடந்து கீழே இறங்க வேண்டும். வளைவின் மேல்புறத்திலிருந்து மூன்று கிளைகள் கழுத்தையும் கைகளையும் நோக்கி ஏறுகின்றன. வலது கைக்கும் தலையின் வலப்பக்கத்துக்கும் பொதுவானது முதலாவது. தலையின் இடப்பக்கத்துக்குப் போவது இரண்டாவது. இடது கைக்கு மூன்றாவது. மாணவர்களின் படங்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை, வளைவைக் கோட்டுக்குக் கீழே, பைக்குள் அடைத்துவிடுவது. அப்படிப் போட்டால் கிளைகள் பையைக் கிழித்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் கழுத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. மூச்சுக்குழாய் கோட்டின் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து நுரையீரல்களுக்குப் போய்விடும். உணவுக்குழாய் நிற்காமல் முதுகெலும்பை ஒட்டி இறங்கிக்கொண்டே இருக்கும்.

முன் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை. கொழுப்பு, சில நிணநீர்க் கணுக்கள், பையை மார்பெலும்போடு பிணைக்கும் இழைகள், மேலிருந்து தொங்கும் தைமஸின் கீழ்முனை. அவ்வளவுதான். ஆனால் சின்ன இடம் என்று தள்ளிவிட முடியாது. பக்கவாட்டில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில், மார்பெலும்புக்கும் இதயத்தின் மேல்பாகத்துக்கும் நடுவே ஒரு கரிய முக்கோணம் தெரியும். காற்று நிரம்பிய நுரையீரல்களின் ஓரங்கள் அங்கே முன்னால் வந்து நெருங்குவதால் அது கரியதாக இருக்கிறது. அந்த முக்கோணம் வெளுத்துப்போய்விட்டால் அங்கே ஏதோ வளர்ந்திருக்கிறது என்று பொருள்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். நாற்பது வயதுப் பெண் ஒருவருக்குச் சாயங்காலமானால் கண்ணிமை சரிகிறது. காலையில் சரியாக இருக்கிறது. சோற்றை மெல்ல ஆரம்பித்தால் பாதியில் தாடை ஓய்ந்துபோகிறது. ஓய்வெடுத்தால் பலம் திரும்புகிறது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகும் இடத்தை உடலின் சொந்த எதிர்ப்பொருள்களே தாக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயின் நடை இது. அதை உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனையோடு மருத்துவர் நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேனும் எழுதுவார். கண்ணிமை சரிவதற்கு நெஞ்சை எதற்கு ஸ்கேன் பண்ண வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். நம் நோயெதிர்ப்பு அணுக்களில் ஒரு பிரிவு பயிற்சி பெறும் இடம் தைமஸ். குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, பருவ வயதுக்குப் பின் சுருங்கி, பெரும்பாலும் கொழுப்பாக மாறிவிட வேண்டிய சுரப்பி அது. மயஸ்தீனியா வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அந்தச் சுரப்பியில் தைமோமா என்ற கட்டி இருக்கிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக் 1936-இல் இந்த நோயால் தவித்த ஓர் இளம்பெண்ணின் தைமஸ் பகுதியிலிருந்து கட்டியை அகற்றினார். அதன்பின் அவருடைய நோய் தணிந்தது. சுரப்பியை எடுத்து நோயைக் கட்டுப்படுத்தலாம் என்ற சிகிச்சை முறை வேரூன்றியது அதற்குப் பிறகுதான். நம் படத்தில் ஒரு பென்சில் முனைக்கு மட்டும் இடம் விட்ட அந்தச் சந்துதான் இத்தனைக்கும் களம்.

நடு பகுதியில் பையும் இதயமும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் முதல் பகுதியும், நுரையீரலுக்குப் போகும் தமனியும், மேற்பெருஞ்சிரையின் கீழ்ப்பாதியும் இருக்கின்றன. பையின் இரு பக்கமும் ஒட்டியபடி பிரெனிக் நரம்புகள் இறங்கி உதரவிதானத்துக்குப் போகின்றன. நாம் மூச்சு இழுப்பது இவற்றால்தான். மூச்சுக்குழாய் பிரியும் இடத்தைச் சில பாடநூல்கள் நடு பகுதியில் சேர்க்கும், சில கோட்டின் மேலேயே நிறுத்திவிடும். அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

நரம்புகளில் ஒன்றை மட்டும் தெளிவாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கழுத்திலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு முக்கிய நரம்புகள் நெஞ்சுக்குள் வருகின்றன: பிரெனிக், வேகஸ். நுரையீரலின் வேர், அதாவது குழாய்கள் நுரையீரலுக்குள் நுழையும் கொத்து, இரண்டையும் பிரித்துவிடுகிறது. பிரெனிக் வேருக்கு முன்னால் போய் நடு பகுதியில் இறங்குகிறது. வேகஸ் வேருக்குப் பின்னால் போய் உணவுக்குழாயைப் பற்றிக்கொண்டு பின் பகுதியில் இறங்குகிறது. படத்தில் பச்சைக் கோடு இரண்டு போட்டு, ஒன்றைப் பையின் மேலாகவும் மற்றதைப் பையின் பின்னாலும் விடுங்கள்.

பின் பகுதி நீளமானது. உணவுக்குழாய், இறங்கும் பெருந்தமனி, அவற்றோடு முதுகெலும்பை ஒட்டி ஏறும் அசைகஸ் சிரை, நிணநாளம். இவை நான்கும் அங்கே நெடுகப் போகும் குழாய்கள். மேலே பெருந்தமனி முதுகெலும்பின் இடப்பக்கம் இருக்கிறது; இறங்க இறங்க நடுவுக்கு வந்து, உணவுக்குழாய்க்குப் பின்னால் போய்விடுகிறது. ஆகவே உணவுக்குழாய் உதரவிதானத்தைப் பத்தாம் கட்டத்தின் மட்டத்தில் துளைக்க, பெருந்தமனி இன்னும் கீழே, பன்னிரண்டாம் கட்டத்தில் கடக்கிறது. வயிற்றிலிருந்து வரும் கீழ்ப்பெருஞ்சிரையோ எட்டாம் கட்டத்தின் மட்டத்தில் நுழைந்து நேராக இதயத்துக்குள் போய்விடும். எட்டு, பத்து, பன்னிரண்டு: உதரவிதானத்தை நீங்கள் சரிவாக வரைந்திருந்தால் மூன்று துளைகளும் முன்னிருந்து பின்னாகத் தாமாக அமையும்.

உணவுக்குழாய்க்கு நேர் முன்னால் பையும் அதற்குள் இதயத்தின் இடது மேலறையும் இருக்கின்றன. இருதய மருத்துவர்கள் தொண்டை வழியாக ஒரு குழாயை விட்டு எக்கோ எடுப்பது இந்த நெருக்கத்தால்தான். மார்பின் மேலிருந்து பார்க்கும்போது குறுக்கே வரும் விலாவும் நுரையீரலும் அந்தப் பக்கம் இல்லை. வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி இடது மேலறை பெருத்துவிட்டால், அது பின்னால் தள்ளி உணவுக்குழாயை அழுத்தும். ஒரு காலத்தில் பேரியம் கரைசலை விழுங்கச் சொல்லி, எக்ஸ்ரேயில் அந்தக் குழிவைப் பார்த்தே இதயத்தின் பெருக்கத்தைக் கணித்தார்கள்.

நிணநாளத்தைப் பலரும் வரையாமல் விட்டுவிடுகிறார்கள். மெல்லியது, நிறமற்றது, அறுவை மேசையிலும் எளிதில் கண்ணுக்குப் படாது. குடலில் உறிஞ்சிய கொழுப்பைச் சுமந்துகொண்டு, பெருந்தமனியோடு பன்னிரண்டாம் கட்டத்தில் நெஞ்சுக்குள் வந்து, முதுகெலும்பின் வலப்பக்கமாக ஏறி, ஐந்தாம் கட்டத்தின் அருகே இடப்பக்கம் மாறி, கழுத்தின் இடது அடியில் சிரையில் கலக்கிறது. உணவுக்குழாய் அறுவையில் இது அறுபட்டால் நுரையீரலைச் சுற்றிப் பால்போன்ற நீர் சேரும். காயம் கீழே இருந்தால் பெரும்பாலும் வலப்பக்கம் சேரும். மேலே இருந்தால் இடப்பக்கம். எந்தப் பக்கம் சேர்ந்தது என்பதிலிருந்தே காயத்தின் மட்டத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

பக்கவாட்டுப் படத்தால் இட வல வேறுபாட்டைக் காட்ட முடியாது. அதற்குச் சின்னதாக இன்னொரு படம் போதும். கோட்டுக்குச் சற்று மேலே நெஞ்சைக் குறுக்காக வெட்டி, கால்மாட்டிலிருந்து பார்ப்பதுபோல வரையுங்கள். சி.டி. ஸ்கேன் படங்களும் அப்படித்தான் இருக்கும். நோயாளியின் வலப்பக்கம் உங்கள் இடப்பக்கத்தில் வரும். மேலே மார்பெலும்பு, கீழே முள்ளெலும்பு. நடுவில் மூச்சுக்குழாய்க்கு ஒரு வட்டம். அதற்குக் கீழே சற்று இடது சாய்வாக உணவுக்குழாய். உங்கள் இடப்பக்கம் மேற்பெருஞ்சிரைக்கு ஒரு நீல வட்டம். அதன் அருகே முன்னால் தொடங்கி, மூச்சுக்குழாயின் இடப்பக்கமாகச் சுற்றி, பின்னால் முள்ளெலும்பின் இடப்பக்கம் முடியும் சாய்வான சிவப்புப் பட்டை பெருந்தமனி வளைவு. அது முன்னும் பின்னுமாகவே போகிறது. இடமிருந்து வலமாகப் போகும் வானவில்லைப்போல அதை நினைத்தவர்கள் இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தால் திருத்திக்கொள்வார்கள்.

இந்தப் பிரிவுகளுக்கு எல்லைகளும் உண்டு, அந்த எல்லைகளுக்கு ஒரு வரம்பும் உண்டு. நாம் இழுத்த கோடு உடலில் இல்லை. படுத்திருக்கும் உடலை வைத்துக் கணித்த மட்டம் அது. எழுந்து நின்று ஆழ மூச்சிழுத்தால் மூச்சுக்குழாய் பிரியும் இடம் ஆறாம் கட்டம்வரைகூட இறங்கும். அந்தக் கோட்டில் சுவரும் கிடையாது. கடைவாய்ப் பல்லிலோ தொண்டையிலோ தொடங்கிய சீழ், உணவுக்குழாய்க்குப் பின்னால் இருக்கும் தளர்ந்த திசு வழியாகக் கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் இறங்கி, உதரவிதானம்வரை போய்விடும். பல்வலிக்காரருக்குக் கழுத்து வீங்கி, கடுங்காய்ச்சலோடு நெஞ்சுவலியும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். காற்று எதிர்த்திசையில் போகும். கடும் வாந்தியில் உணவுக்குழாய் கிழிந்தால், வெளியேறிய காற்று மேலேறிக் கழுத்துத் தோலுக்கு அடியில் சேரும். விரலால் அழுத்தினால் நறநறவென்று உணர முடியும்.

எக்ஸ்ரே, சி.டி. பார்க்கும் மருத்துவர்கள் வேறு முறையும் வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் மேல் பகுதி என்று தனியாகப் பிரிப்பதில்லை. கழுத்தடியிலிருந்து உதரவிதானம்வரை முன், நடு, பின் என்று மூன்றே பங்கு. தைமஸ் ஆய்வுக்கான சர்வதேசக் குழு 2014-இல் வெளியிட்ட முறை, ரத்தக்குழாய்களுக்கு முன்னால் இருப்பது, உள்ளுறுப்புகள் இருப்பது, முதுகெலும்பை ஒட்டியது என்று பிரிக்கிறது. ஆகவே ஸ்கேன் அறிக்கையில் 'முன் மீடியாஸ்டைனம்' என்று எழுதியிருந்தால் அது நம் படத்தின் ஒடுக்கமான சந்தை மட்டும் குறிப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேல் பகுதியின் முன்பாகமும் அதில் அடங்கியிருக்கலாம்.

கடைசியாக, இந்தப் படம் முழுவதும் ஒன்றுசேரும் ஒரு நரம்பைச் சொல்லிவிடுகிறேன். நம் குரல்நாண்களை அசைப்பது வேகஸ் நரம்பின் ஒரு கிளை. வலப்பக்கக் கிளை கழுத்தின் அடியிலேயே ஒரு தமனியைச் சுற்றிக்கொண்டு மேலே திரும்பிவிடும். இடப்பக்கக் கிளை அப்படி இல்லை. அது நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவுக்கு அடியில், நாம் இழுத்த அதே கோட்டின் மட்டத்தில் வளைந்து, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே உள்ள பள்ளத்தில் மறுபடி கழுத்துக்கு ஏறி, குரல்வளைக்குப் போகிறது. படத்தில் பச்சைப் பென்சிலால் வளைவுக்கு அடியில் ஒரு கொக்கி போடுங்கள்.

இப்போது ஒருவருடைய குரல் கரகரத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டை வலியும் இல்லை. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, இருமினால் அழுத்தம் வராமல் காற்றுப் போகிறது. காது-மூக்கு-தொண்டை மருத்துவர் குழாய்க் கருவியால் பார்க்கிறார்: குரல்வளையில் புண்ணோ கட்டியோ இல்லை, ஆனால் இடது குரல்நாண் அசையவில்லை. இந்த இடத்தில் அவர் தொண்டைக்கு மருந்து எழுதி அனுப்ப மாட்டார். கழுத்தில் தைராய்டு அறுவை நடந்திருக்கிறதா என்று கேட்பார். இல்லையென்றால் மண்டையோட்டின் அடியிலிருந்து நெஞ்சுவரை சி.டி. எடுப்பார். வளைவுக்கும் அதன் கீழே இருக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையே சிறு இடுக்கு ஒன்று இருக்கிறது. அந்த நரம்பு கொக்கி போடும் இடமும் அதுவே, நிணநீர்க் கணுக்கள் தங்கும் இடமும் அதுவே. நுரையீரல் புற்றுநோய் அந்தக் கணுக்களுக்குப் பரவியிருக்கலாம். நம் நாட்டில் காசநோயாலும் கணுக்கள் பெருக்கும். பெருந்தமனி வளைவே பலூனாக உப்பியும் நரம்பை நசுக்கலாம். 1897-இல் நார்பர்ட் ஓர்ட்னர் என்ற மருத்துவர், வால்வு சுருங்கி இதயம் பெருத்த நோயாளிகளுக்கு இதே இடது குரல்நாண் செயலிழப்பதை விவரித்தார். நெஞ்சு நோய் எதுவாக இருந்தாலும், நோயாளிக்குத் தெரிந்த முதல் அறிகுறி குரல் மாற்றமாகவே இருக்கக்கூடும். வலது குரல்நாண் மட்டும் செயலிழந்தால் தேடல் பெரும்பாலும் கழுத்தோடும் நுரையீரலின் உச்சியோடும் நின்றுவிடும்.

சளி காய்ச்சல் இல்லாமல் குரல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரத்தால், குறிப்பாகப் புகைபிடிப்பவராக இருந்தால், தேனும் மிளகும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய் குரல்நாண்கள் இரண்டும் அசைகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இடது நாண் அசையவில்லை என்று சொன்னால், நெஞ்சு ஸ்கேன் எடுக்காமல் திரும்பி வராதீர்கள்.